கேட் எண்ணை ஏர்போர்ட்டிடம் கேளுங்கள், நேரத்தை ஏர்லைனிடம் கேளுங்கள்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சில வருடங்கள் போர்டிங் கேட்டில் வேலை பார்த்தேன். ஏர்லைன் ஊழியன் இல்லை. பல ஏர்லைன்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு தரைப்பணி நிறுவனத்தில் இருந்தேன். மதியம் ஒரு நாட்டு விமானம், இரவு வேறொரு நாட்டு விமானம் என்று மாறிக்கொண்டே இருக்கும். சென்னை, திருச்சி விமானம் என்றால் மட்டும் தமிழ் பேசுகிறவன் என்று என்னை மைக் முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

அந்தக் கேட்டுகளில் எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "தம்பி, போர்டுல ஒண்ணு போட்டிருக்கு, மெசேஜ்ல வேற வந்திருக்கு, பாஸ்ல இன்னொண்ணு அச்சடிச்சிருக்கு. எதை நம்புறது?" நியாயமான கேள்வி. பதில் தெரிந்துகொள்ள, அந்தத் தகவலையெல்லாம் யார் எழுதுகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

கேட் எண்ணை முடிவு செய்வது விமான நிலையம். விமானம் வந்து நிற்கும் இடத்துக்கு ஸ்டாண்ட் என்று பெயர். எந்த ஸ்டாண்டில் எந்த விமானம் நிற்கலாம் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்க நிலையத்தில் தனிப் பிரிவு உண்டு. ஸ்டாண்ட் மாறினால் அதோடு கேட்டும் மாறும். புறப்படும் நேரத்தைச் சொல்வது ஏர்லைன். நிலையத்தின் திரைகள் அந்த நேரத்தை வாங்கிக் காட்டுகின்றன, அவ்வளவுதான். ஏர்லைன் சொல்லாதவரை திரையில் பழைய நேரம்தான் இருக்கும். அதனால் கேட் எண்ணுக்கு நிலையத்தின் திரையை நம்புங்கள், ஏர்லைன் ஆப்பில் அது தாமதமாக மாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு ஏர்லைனின் செய்தியையோ கேட்டில் நிற்கும் ஊழியரையோ நம்புங்கள். பாஸில் அச்சடித்தது செக்-இன் செய்த நிமிடத்தில் இருந்த திட்டம். அதற்குப் பிறகு அது மாறாது, ஏனென்றால் அது காகிதம்.

ஒரு திருச்சி விமானத்தின் இரவைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். புறப்பாடு 21:10. முதல் டெர்மினலில் D36 கேட். பாஸில் கேட் திறக்கும் நேரம் 20:10, மூடும் நேரம் 20:55 என்று இருந்தது.

அந்த விமானம் திருச்சியிலிருந்து வந்து, அதே விமானமாகத் திரும்பிப் போக வேண்டியது. அங்கிருந்தே முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தது. பறக்கும் நேரம் நாலு மணிக்கும் கொஞ்சம் மேல். அதாவது சிங்கப்பூர் நேரப்படி மாலை ஐந்து மணிக்குள்ளேயே, இது 20:05-க்கு இறங்காது, 20:50 வாக்கில்தான் இறங்கும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் செக்-இன் கவுண்டர் திறந்தபோதும் திரையில் 21:10 என்றே நின்றது.

பயணிகளுக்கு இது ஏமாற்று வேலை மாதிரித் தெரியும். ஏர்லைன் பக்கம் வேறு கணக்கு ஓடும். வேறு விமானத்தை மாற்றிப் போட முடியுமா, தரையில் நிற்கும் நேரத்தைச் சுருக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போதே பத்து மணி என்று அறிவித்துவிட்டு, கடைசியில் ஒன்பதரைக்கே தயாராகிவிட்டால் பாதிப் பேர் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். அந்தப் பயம் எல்லா ஏர்லைனுக்கும் உண்டு.

இதை நீங்களே கணக்குப் போடலாம். Flightradar24 மாதிரி ஆப்பில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், பல சமயம் அதற்கு ஒதுக்கிய விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும். காட்டாவிட்டால் உங்கள் ஊரிலிருந்து வரும் அதே ஏர்லைனின் விமானத்தைத் தேடுங்கள். அது இறங்கும் நேரத்தோடு, ஸ்டாண்டுக்கு வந்து நிற்க ஒரு பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். திருச்சி, மதுரைக்கு ஓடும் ஒற்றை நடைபாதை விமானமாக இருந்தால் ஆட்களை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருள் போட்டு, சாப்பாடு ஏற்றி, புதிதாக ஆட்களை ஏற்ற முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பெரிய விமானத்துக்கு இன்னும் அரை மணி கூட. எங்கள் விமானத்துக்கு 20:50, அதோடு பத்து, அதோடு ஒரு மணி நேரம். 22:00. ஏர்லைன் 20:20-க்கு அறிவித்த புது நேரமும் 22:00-தான்.

சாங்கியின் முதல் மூன்று டெர்மினல்களில் ஒரு விசேஷம் இருக்கிறது. கைப்பைகளை ஸ்கேன் செய்யும் பாதுகாப்புச் சோதனை அங்கே கேட்டின் வாசலிலேயே நடக்கும். சென்னையிலோ டெல்லியிலோ சோதனையை முன்னாலேயே முடித்துவிடுவதால் எந்தக் கேட்டுக்கும் சும்மா நடந்து போய்விடலாம். சாங்கியில் ஒவ்வொரு கேட்டும் கண்ணாடி போட்ட தனி அறை. சோதனை முடிந்து உள்ளே போய்விட்டால் பல அறைகளில் கழிவறைகூடக் கிடையாது. வெளியே போனால் மறுபடி சோதனை. இது கேட் மாற்றத்தை எவ்வளவு சிக்கலாக்கும் என்பதை அன்று இரவு பார்த்தோம்.

20:10-க்கு எங்களுக்கு வந்த உத்தரவுப்படி D36-ஐத் திறந்தோம். நாற்பது பேருக்கு மேல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 20:35-க்கு வயர்லெஸ்ஸில் தகவல் வருகிறது: D36 ஸ்டாண்டில் ஏற்கெனவே நிற்கும் விமானத்துக்கு ஏதோ பழுது, மெக்கானிக் பார்க்கிறார், நகராது. எங்கள் விமானம் C23-க்குப் போகிறது. உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பி, ஸ்கேன் செய்த பதிவை அழித்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தவர்களை அதைக் குடித்துத் தீர்க்கச் சொல்லி, மறுமுனைக்கு அனுப்பினோம். டெர்மினல் அதேதான் என்றாலும் D வரிசையும் C வரிசையும் எதிரெதிர்த் திசைகளில் நீள்பவை. மெதுவாக நடக்கும் பெரியவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்.

கேட் மாறுவதற்கு இப்படி முந்தைய விமானம் நகராமல் இருப்பதுதான் நான் அதிகம் பார்த்த காரணம். வரும் விமானம் தாமதமாகி அதன் முறை தவறிப்போவது இன்னொன்று. விமானத்தையே மாற்றி, பெரிய ரகம் போட்டால் அதன் இறக்கைக்கு இடம் இருக்கும் ஸ்டாண்ட் தேட வேண்டியிருக்கும். எப்படி ஆனாலும் மாற்றம் பெரும்பாலும் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் வரும், அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது. அதனால் மூன்று மணி நேரம் முன்னால் திரையைப் பார்த்துக் கேட்டை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதில் பயன் கிடையாது. ஒன்றரை மணி நேரம் முன்னால் ஒரு தடவை, நடக்க ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, கேட் வாசலில் இருக்கும் சின்னத் திரையில் ஒரு தடவை பாருங்கள். அந்தக் கடைசிப் பார்வையில் ஊர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு உட்கார வேண்டாம், விமான எண்ணைப் பாருங்கள். சாங்கியிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் ஒரே நாளில் பல விமானங்கள். 'திருச்சி' என்று போட்டிருக்கிறதே என்று வேறு ஏர்லைனின் கேட்டில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தவர்களை நானே போய்க் கூட்டி வந்திருக்கிறேன்.

தாமதம் என்று திரையில் வருவதிலும் வித்தியாசம் இருக்கிறது. புது நேரத்தோடு வந்தால் கணக்கு முடிந்தது என்று அர்த்தம், அதை ஓரளவு நம்பலாம். நேரம் எதுவும் இல்லாமல் வெறும் தாமதம் என்று இருந்தால் பழுதோ வானிலையோ, முடிவு தெரியாத ஏதோ ஒன்று. அந்த மாதிரி நேரத்தில் கேட்டை விட்டுத் தூரமாகப் போகாதீர்கள், பழுது சட்டென்று சரியானால் எல்லோரையும் இருபது நிமிடத்தில் ஏற்றப் பார்ப்பார்கள். இன்னொன்று, தள்ளிப்போட்ட நேரம் முன்னாலும் வரும். 22:00 என்றது 21:45 ஆனதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விமான நேரம் மாறாமல் போர்டிங் மட்டும் தாமதமாவதும் உண்டு. சுத்தம் செய்பவர்கள் இறங்கவில்லை, பைலட் குழு வேறு விமானத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்பது போன்ற காரணங்கள். ஏற்றும் நேரம் கடந்து கால் மணி ஆகியும் கண்ணாடிக்கு வெளியே விமானமே இல்லை என்றால், திரை என்ன சொன்னாலும் அந்த விமானம் குறித்த நேரத்தில் போகப்போவதில்லை.

சரி, ஃபைனல் கால். இதைப் பற்றித்தான் தவறான நினைப்பு அதிகம். "அவங்க அஞ்சாறு தடவை கூப்பிடுவாங்க, அப்புறம் போனாப் போதும்" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

சாங்கியின் திரையில் வரிசையாக Gate Open, Boarding, Last Call, Gate Closing, Gate Closed என்று மாறும். Last Call வந்தால் வரிசையில் நின்றவர்கள் ஏறி முடித்தாயிற்று, இனி தேட வேண்டியவர்கள்தான் பாக்கி என்று பொருள். சோதனையைத் தாண்டும்போது பாஸை ஸ்கேன் செய்துவிடுவதால் யார் வரவில்லை என்று எங்கள் திரையில் பெயரோடு இருக்கும். Gate Closing என்றால் நடக்கிற தூரத்தில் இருப்பவருக்குத்தான் வாய்ப்பு. இரண்டுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். டியூட்டி ஃப்ரீயில் பில் போட வரிசையில் நிற்கும்போது ஃபைனல் கால் காதில் விழுந்தால், பொருளை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

விமானம் நிற்கிறது, கதவும் திறந்திருக்கிறது, அப்புறம் ஏன் உள்ளே விடவில்லை என்று சண்டை போடுவார்கள். பாஸில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரம், விமானம் ஸ்டாண்டை விட்டுப் பின்னால் நகர ஆரம்பிக்கும் நேரம். ஓடுபாதையில் கிளம்பும் நேரம் கிடையாது. நகர்வதற்கு முன்னால் கதவுகள் மூட வேண்டும். கதவு மூடுவதற்கு முன்னால் எத்தனை பேர், எத்தனை பெட்டிகள், எடை எங்கே எவ்வளவு என்று கணக்கிட்ட தாளில் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் எண்ணிக்கை முடிவாகாமல் அந்தத் தாள் வராது. அதனால்தான் கேட் மூடும் நேரம் புறப்பாட்டுக்குப் பத்து முதல் இருபத்தைந்து நிமிடம் முன்னால் இருக்கிறது. எவ்வளவு என்பது ஏர்லைனைப் பொறுத்தது. உங்கள் பாஸிலேயே அச்சடித்திருக்கும்.

பெட்டி விஷயம் இதைவிடக் கண்டிப்பானது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். அந்தக் குண்டு ஒரு பெட்டியில் இருந்தது. பெட்டியைச் செக்-இன் செய்த ஆள் விமானம் ஏறவே இல்லை. இன்று சர்வதேச விமானத்தில் ஏறாத பயணியின் பெட்டியை அப்படியே கொண்டுபோக விட மாட்டார்கள், தேடி இறக்குவார்கள். இதற்கு ஆஃப்லோட் என்று பெயர். பெட்டிகளைக் கண்டெய்னரில் அடுக்கும் பெரிய விமானத்தில் எந்தக் கண்டெய்னர் என்று பதிவு இருக்கும். சின்ன விமானத்தில் தளர்வாக அடுக்கியிருந்தால் டேக் எண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். கால் மணி நேரம் ஓடிவிடும். அதனால் ஆள் வருவாரா என்று கடைசி நிமிடம் வரை காத்திருக்க முடியாது, முன்னாலேயே இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். கீழே ஒருவர் உங்கள் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார் என்றால் அநேகமாகக் கதை முடிந்தது.

அன்று இரவு 21:35-க்கு ஃபைனல் கால் கொடுத்தபோது ஒன்பது பேர் வரவில்லை. இரண்டு பேர் D36 வாசலில் இருந்த நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அங்கிருந்து எல்லோரையும் கிளப்பிய பிறகு வந்து, பாஸில் இருக்கும் எண்ணைப் பார்த்து உட்கார்ந்தவர்கள். மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பம் C23-ஐ நோக்கி நடந்துகொண்டிருந்தது, தாத்தாவால் வேகமாக வர முடியவில்லை. சக்கர நாற்காலி கேட்டிருந்தால் தள்ளுகிற ஊழியருக்கு எங்களிடமிருந்தே தகவல் போயிருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேட்டு வைப்பது நல்லது. இன்னும் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், அறிவிப்புக் கேட்டு ஓடி வந்தார்கள்.

மீதி ஒருவர். பெயரைச் சொல்லி மூன்று தடவை அழைத்தேன். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற இடத்தில் பல சமயம் அப்பா பெயர் இருக்கும். ஏர்லைன் கணினி அதை முதலில் போட்டுத்தான் பட்டியல் தரும். வேறு நாட்டு ஊழியர் அதைப் படித்தால் அப்பா பெயரை, அதுவும் அவருக்கு வருகிற உச்சரிப்பில், அழைப்பார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயணிக்கு உறைக்காது. உங்கள் பாஸில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்தால், அந்த வரிசையில் அழைத்தால் காது நிமிரும். அறிவிப்பையே நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. கடைகளுக்குள்ளும் கழிவறைகளிலும் சரியாகக் கேட்காது. சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று பொது அறிவிப்புகளை வெகுவாகக் குறைத்துவிட்ட நிலையங்களும் உலகத்தில் நிறைய இருக்கின்றன.

அந்த மனிதருக்கு ஏர்லைனின் குறுஞ்செய்தி நேர மாற்றத்துக்கு ஒன்று, கேட் மாற்றத்துக்கு ஒன்று என்று இரண்டு தடவை போயிருந்தது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, இரண்டும் திருச்சியில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டின் போனுக்குப் போயிருந்தன. புக்கிங்கில் அவர் எண்தான் இருந்தது. இது அபூர்வமே இல்லை, நம் ஆட்களின் டிக்கெட்டில் பாதிக்குப் பாதி இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும். ஏஜென்ட்டிடம் டிக்கெட் எடுத்தால் PNR எண்ணை வாங்கி, ஏர்லைன் தளத்தில் உங்கள் புக்கிங்கைத் திறந்து, போன் எண்ணையும் மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். சில ஏர்லைனில் ஏஜென்ட்தான் மாற்ற முடியும், அப்போது அவரிடமே சொல்லுங்கள். வெளிநாட்டில் உங்கள் இந்திய எண் ரோமிங் இல்லாமல் இருந்தால் செய்தி வராது என்பதையும் மறக்க வேண்டாம். மின்னஞ்சலும் ஆப்பும் நிலையத்தின் இலவச வைஃபையில் வந்துவிடும். சாங்கியில் அதன் பெயர் #WiFi@Changi. சாங்கியின் சொந்த ஆப்பில் விமான எண்ணைச் சேமித்து வைத்தால் மாற்றங்களை அதுவே சொல்லும், அது கேட் எண்ணுக்கு நல்லது.

அவர் கைக்கடிகாரத்தையும் இந்திய நேரத்திலேயே வைத்திருந்தார். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அவர் மனசில் கணக்குப் போட்டுத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார். சிலருக்கு அது சரியாக வரும்.

21:45-க்கு கேட்டை மூடினோம். அதற்கு முன்பே அவர் பெட்டியைத் தேடச் சொல்லியிருந்தோம், 21:50-க்கு இறக்கிவிட்டார்கள். 21:54-க்கு மூச்சு வாங்க வந்து நின்றார். கெஞ்சினார், கோபப்பட்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நிமிடத்தில் கேட்டில் நிற்கும் யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்படி மாட்டிக்கொண்டால் கேட்டில் நின்று வாதாடுவதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அடுத்த விமானத்தில் இருக்கும் காலி இருக்கைகளை வேறு யாராவது வாங்கிக்கொண்டிருப்பார்கள். ட்ரான்ஸ்ஃபர் கவுண்டருக்குப் போய் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: அடுத்த விமானத்துக்கு மாற்ற எவ்வளவு கட்டணம், இறக்கிய பெட்டி எங்கே வரும். இமிக்ரேஷன் தாண்டி வந்தவர் மறுபடி நாட்டுக்குள் போக வேண்டியிருக்கும் என்பதால் ஏர்லைன் ஆள் ஒருவர் கூட வர வேண்டும், அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். நான் அவரை அங்கே கூட்டிப்போய் விட்டேன். அபராதம் கட்டி மறுநாள் விமானத்தில் இடம் வாங்கினார். பெட்டி பெல்ட்டில் வந்திருந்தது.